ஒரு வாரம் முன்பே ஒலிக்கட்டும்

பிறந்தநாள் அன்று காலை கைபேசி நினைவூட்டினால் வாழ்த்து மட்டும்தான் சொல்ல முடியும். புடவை எடுக்கவோ, கூரியரில் போடவோ நேரம் இருக்காது. அதனால் ஏழு நாள் முன்பே ஓர் அலாரம் வேண்டும். சரியாக ஏழு நாள் என்பதில் ஒரு வசதி இருக்கிறது: பிறந்தநாள் ஞாயிறு தவிர எந்தக் கிழமையில் வந்தாலும், கடைக்குப் போக இடையில் ஒரு ஞாயிறு கிடைத்துவிடும்.

சென்னையில் இருக்கும் ஒருவருக்குத் திருநெல்வேலியில் அத்தை இருக்கிறார். பிறந்தநாள் ஜூன் 18. 2026இல் அது வியாழக்கிழமை. கூகுள் காலண்டரில் அந்தத் தேதியைத் திறந்து, All day என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் திரும்ப வரும்படி வைக்க வேண்டும். பிறகு Add notification என்ற இடத்தில் ஒரு வாரம் முன்பு, இரவு 8 மணி என்று குறிக்க வேண்டும். ஜூன் 11 இரவு கைபேசி ஒலிக்கும். 14ஆம் தேதி ஞாயிறன்று தி.நகரில் புடவை எடுத்து, திங்களன்று கூரியரில் போட்டால், பிறந்தநாளுக்குள் போய்ச் சேர அவகாசம் இருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஒரு வாரம் போதாது. இன்னும் முன்னதாகவே வையுங்கள்.

காலை 9 மணியைத் தவிர்ப்பது நல்லது. அலுவலக அவசரத்தில் விரலால் தள்ளிவிட்டால் அதோடு மறந்துபோகும். இரவு 8 மணிக்கு வந்தால், என்ன வாங்கலாம் என்று வீட்டில் அப்போதே பேசி முடிவெடுக்கலாம். பிறந்தநாள் காலைக்கும் இரண்டாவது அலாரம் ஒன்று வையுங்கள். முதலாவது வாங்குவதற்கு, இது பேசுவதற்கு.

தலைப்பிலும் கவனம் தேவை. 'அத்தை பிறந்தநாள்' என்று மட்டும் எழுதினால், முன்கூட்டி வரும் அறிவிப்பைப் பார்த்து இன்றைக்குத்தான் என்று நினைத்து, ஒரு வாரம் முன்பே வாழ்த்திவிடுவோம். 'அத்தை பிறந்தநாள், ஜூன் 18' என்று தேதியோடு எழுதுங்கள். திருமண நாளுக்கு ஆண்டையும் சேருங்கள். 'அண்ணன் திருமண நாள், 2001' என்றிருந்தால், 2026இல் அது வெள்ளிவிழா என்பது பார்த்தவுடனே தெரியும்.

நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளில் இந்த ஆண்டுச் சுழற்சி உதவாது. தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேரும் நாள், ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 27 நாளும் 8 மணி நேரமும் ஆகும். தமிழ் மாதமோ எப்போதும் அதைவிட நீளம். எனவே மாதத் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் கடைசியிலும் ஒருமுறை வரலாம். இரண்டில் எதைக் கொண்டாடுவது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும், குடும்பத்தாரின் நட்சத்திர நாள்களை ஒரே மூச்சில் பார்த்து, அந்த ஆண்டுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் முந்தைய அலாரத்தை அவற்றுக்கும் அதேபோல வைக்கலாம்.