மண்டபத்துக்கு ஒரு மின்னஞ்சல்

கல்யாண மண்டபம் தேடும் ஒருவர் மேலாளருக்கு இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "மே 17, 18 தேதிகளில் மண்டபம் கிடைக்குமா, வாடகை எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் அதில் சேர்ந்ததா தனியா, எங்கள் சமையல்காரரை அழைத்து வரலாமா, ரத்தானால் முன்பணம் திரும்புமா என்று தெரிவிக்கவும்." பதில் வருகிறது: "காலியாக இருக்கிறது சார், நேரில் வாங்க."

மேலாளரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைபேசியில்தான் படிக்கிறார். பதில் எழுதும்போது பழைய கடிதம் பெரும்பாலும் மூன்று புள்ளிகளுக்குள் மடங்கிவிடும். நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். நினைவில் நிற்பது முதல் கேள்வி. "சேர்ந்ததா தனியா" என்று இரண்டாகக் கேட்டாலோ, "ஆமாம் சார்" என்று வரும். எதற்கு ஆமாம்?

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

பொருள்: மே 17, 18 முன்பதிவு – 5 கேள்விகள், வெள்ளிக்குள் பதில் தேவை

1. மே 17 மாலை 4 மணி முதல் 18 பிற்பகல் 3 மணி வரை மண்டபம் கிடைக்குமா?
2. வரி உட்பட மொத்த வாடகை எவ்வளவு?
3. ஜெனரேட்டர் டீசலுக்கு மணிக்கு எவ்வளவு? வாடகையில் சேர்ந்தது என்றால் 0 என்று போடுங்கள்.
4. எங்கள் சமையல்காரர் வந்து சமைக்கலாமா?
5. மார்ச் 31க்குள் ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்?

எண்ணைப் போட்டு எதிரே பதில் எழுதினால் போதும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லிலோ ஒரு தொகையிலோ பதில் சொல்லிவிடலாம். மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர், ஏன் இந்தத் தேதி என்ற விவரமெல்லாம் கேள்விகளுக்குக் கீழே போகட்டும். மேலே இருந்தால் கேள்விகள் திரைக்கு வெளியே தள்ளப்படும்.

சிக்கல் ஐந்தாவதில் இருக்கிறது. அதை மேலாளர் முடிவு செய்ய முடியாது, முதலாளியைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மொத்தமாக எழுதலாம் என்று அவர் தள்ளிப்போட, கையில் பதில் இருக்கும் நான்கும் சேர்ந்து தேங்கிவிடும். ஆகவே, "5க்கு முதலாளியைக் கேட்க வேண்டுமென்றால் மற்ற நான்குக்கும் இப்போதே எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. முதலாளிக்கும் நகல் அனுப்பினால், "5வது கேள்வி உங்களுக்கு" என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் இருவருமே மற்றவர் எழுதுவார் என்று இருந்துவிடுவார்கள்.

அப்படியும் ஒன்று விடுபட்டால், "முந்தைய கடிதத்தைப் பார்க்கவும்" என்று எழுதிப் பயனில்லை, யாரும் தேடமாட்டார்கள். "1 முதல் 4 வரை கிடைத்தது, நன்றி. 5 மட்டும் பாக்கி" என்று சொல்லி, அந்தக் கேள்வியை முழுதாக, அதே எண்ணோடு மறுபடி எழுதுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். கேட்டதும், "நீங்கள் சொன்னபடி பாதித் தொகை திரும்பும்" என்பதுபோல் அவர் சொன்னதை எழுதி அனுப்பி, சரிதான் என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். அது வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.