கண்ணாடிமேல் விழுந்த வெள்ளைப் பொட்டு

தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. கைபேசியில் எடுத்தால், பாட்டியின் முகத்தில் பிளாஷ் வெளிச்சம் வெள்ளைப் பொட்டாக விழுந்துவிடுகிறது. எடிட்டிங்கில் அதைக் குறைக்கப் பார்த்தால் முகம் திரும்புவதில்லை, பொட்டு சாம்பல் நிறமாகிறது, அவ்வளவுதான். முழுக்க வெளுத்த இடத்தில் கேமரா எதையும் பதிவு செய்திருக்காது. குளோன் கருவியால் பூசினால் வருவது வேறு யாரோ ஒருவரின் கன்னம்.

ஆகவே, இன்னொரு படம் வேண்டும். பிளாஷை அணைத்து, கைபேசியை அசையாமல் நிறுத்தி, ஒரு மேசை விளக்கை முதலில் இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் சாய்வாக வைத்து, இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். பளபளப்பு இரண்டிலும் வெவ்வேறு இடத்தில் விழும்.

போட்டோஷாப்பில் இரண்டையும் அடுத்தடுத்த லேயர்களாக வைத்து, சற்றே விலகியிருந்தால் Auto-Align Layers கொடுத்து, மேல் லேயரை Darken ஆக்கினால் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டில் இருண்டது மட்டும் நிற்கும். பிரதிபலிப்பு வெளிச்சத்தைக் கூட்டத்தான் செய்யும் என்பதால் அது மறைந்துவிடும்.

புருவம் இரட்டையாகத் தெரிந்தால், படங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அப்போது Darken-ஐ விட்டுவிட்டு, மாஸ்க் போட்டு, பொட்டு விழுந்த இடத்தை மட்டும் மற்றப் படத்திலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.