எல்லோரும் "மறந்துட்டேன்" என்கிறார்களா? விசாரணையை முடித்துவிடாதீர்கள்!

"இரும்புச்சத்து மாத்திரையை ஏன் ஒழுங்கா சாப்பிடலை?" கர்ப்பிணிப் பெண்கள் எட்டுப் பேரை உட்கார வைத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள். "மறந்துட்டேங்க" என்று ஒருவர் சொல்வார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அடுத்த குழுவிலும் அதே பதில்தான், மூன்றாவதிலும் அதேதான். "சரி, புதுசா எதுவும் வரலை, போதும்" என்று மூட்டை கட்டிவிடலாமா?

கூடவே கூடாது! அங்கே தீர்ந்துபோனது தகவல் அல்ல, கேள்விதான்.

மக்களின் மனதில் உள்ளதை அறிய ஆறு முதல் எட்டுப் பேரைச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் பேச வைப்பதைக் குழுக் கலந்துரையாடல் என்கிறார்கள். அதை நடத்துபவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். 'இனிமேல் புதிதாக எதுவும் வராது' என்ற கட்டத்துக்குத் 'தகவல் நிறைவு' என்று பெயர். பட்டியல் சரியில்லை என்றால் நிறைவும் பொய்யாகிவிடும்.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

முதலில், எட்டு அல்லது பத்துக் கேள்விகளுக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினாலே ஒரு கேள்விக்கு எட்டு நிமிடம் ஆகிவிடும் அல்லவா?

அடுத்தது வரிசை. எடுத்த எடுப்பில் மாத்திரையைப் பற்றிக் கேட்காதீர்கள். "மாசமா இருக்கிறப்போ உங்க வீட்டுல என்னென்ன சாப்பிடச் சொல்றாங்க?" என்று பொதுவாக ஆரம்பியுங்கள். பிறகு, "நர்ஸம்மா மாத்திரை கொடுத்த அன்னிக்கு, வீட்டுக்குப் போனதும் அதை எங்கே வச்சீங்க? யார் என்ன சொன்னாங்க?" என்று நடந்ததைச் சொல்ல வையுங்கள். 'ஏன்' என்று கேட்டால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய மாதிரி இருக்கும், சாக்குதான் வரும். நடந்ததைக் கேட்டால் கதை வரும். கடைசியாக, "உங்க தெருவுல சிலர் பாதியில நிறுத்திடறாங்களே, அவங்க என்ன நினைச்சிருப்பாங்க?" என்று கேளுங்கள். பிறர் பெயரில் தன் மனதைச் சொல்வது எவருக்கும் சுலபம்.

இப்போது வரும் பதில்களைக் கவனியுங்கள்: "குமட்டுது", "மலம் கறுப்பா போச்சு, பயந்துட்டேன்", "குழந்தை பெரிசாயிட்டா பிரசவம் கஷ்டம்னு மாமியார் சொன்னாங்க." முன்பு இதையெல்லாம் மூடி வைத்திருந்தது அந்த "மறந்துட்டேன்"தான்!

எப்போது நிறுத்துவது?

ஒவ்வொரு குழுவும் முடிந்த உடனே, பேசியதைப் படித்து, புதிதாக வந்த காரணங்களை மட்டும் எண்ணிக் குறிக்க வேண்டும். உதாரணத்துக்கு, முதல் குழுவில் 11 காரணங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் புதியவை 5, மூன்றாவதில் 2, நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஒன்றுமே இல்லை. 'தொடர்ந்து இரண்டு குழுக்களில் புதிதாக ஏதும் வராவிட்டால் நிறுத்துவோம்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், இங்கே நிறுத்தலாம். களைத்துப்போன பிறகு விதி வகுப்பது ஏமாற்று வேலை.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாமில், கறுப்பின ஆண்கள் மருத்துவ உதவியை எப்போது நாடுகிறார்கள் என்று 40 குழுக்களை வைத்துப் பேசினார்கள். 2017-இல் வெளியான முடிவு இது: மொத்தக் கருத்துகளில் 80 சதவிகிதத்துக்கு மேல் முதல் இரண்டு, மூன்று குழுக்களிலேயே வந்துவிட்டன, 90 சதவிகிதம் கிடைக்க மூன்று முதல் ஆறு குழுக்கள் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் எல்லா ஆய்வுக்கும் ஆறு குழு போதுமா? அவசரப்படாதீர்கள். அங்கே பேசியவர்கள் ஒரே விதமானவர்கள், கேள்விகளும் எல்லாக் குழுவுக்கும் ஒன்றே. நம் உதாரணத்தில் மாமியார்களின் கருத்தும் வேண்டுமென்றால், அவர்களைத் தனியாக உட்கார வைத்து, கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மருமகள்களோடு சேர்த்து உட்கார வைத்தால் யார் வாய் திறப்பார்கள், சொல்லுங்கள்!

பொய் நிறைவைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு. வந்தவர்கள் எல்லோரும் யார் அழைத்து வந்தவர்கள்? சுகாதார நிலையத்தின் மூலமாகவே வந்திருந்தால், அந்தப் பக்கமே போகாத பெண்களின் குரல் பட்டியலில் இருக்காது. அவர்களைத் தேடி ஒரு குழு வைத்துப் பாருங்கள். புதுக் காரணம் வந்தால், நிறைவு இன்னும் வரவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, ஒரு காரணத்தை எடுத்து, "யாருக்கு, எப்போது, அப்புறம் என்ன செய்தார்கள்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 'குமட்டல்' என்ற சொல் மட்டும்தான் தெரிகிறது, வெறும் வயிற்றிலா சாப்பாட்டுக்குப் பின்பா என்று தெரியவில்லை என்றால், காதில் விழுந்திருக்கிறதே தவிர, புரியவில்லை. அந்த இடத்தில் துணைக் கேள்வி ஒன்றைச் சேர்த்துவிட்டு அடுத்த குழுவைக் கூட்ட வேண்டியதுதான்.

இதைச் சரியாகச் செய்தால் பலனும் வேறு. "மறந்துட்டேன்" என்பதை நம்பினால் மாத்திரையை நினைவூட்ட ஆள் போடுவார்கள். கறுப்பு மலத்தைக் கண்டு பயந்தவருக்கு அதனால் என்ன பயன்? "இது மாத்திரையால வர்றது, பயப்படாதீங்க" என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பதுதான் அவருக்கு வேண்டிய மருந்து.