சோளகத்தில் கட்ட முடியுமா? இன்னொரு கடனுக்கு முன் ஒரு கணக்கு

ஒரு காலத்தில் கொண்டச்சி விரிகுடாவில் முத்துக்குளிப்பு மாசி முதல் சித்திரை வரைதான் நடந்தது. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. முத்துக்குளிப்பு முடிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டாலும், மேற்குக் கடலைப் பார்த்திருக்கும் இந்தக் கரையின் வருமானம் இன்றும் காற்றைப் பொறுத்துத்தான் இருக்கிறது. கடன் தவணைக்கு அந்தக் காற்று தெரியாது.

1990இல் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின் முசலிப் பகுதிக்குத் திரும்பியவர்கள் வீடு, படகு, வலை என எல்லாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. வடக்கின் மற்றப் பகுதிகளிலும் இதே நிலைதான். அந்தத் தேவையின் பின்னாலேயே கிழமைக் கடனும் குழுக் கடனும் வந்தன. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கமே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

கடன் கொடுப்பவர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "மாத வருமானம் எவ்வளவு?" என்பதுதான். நாமும் சராசரி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு மீனவக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்ச் செலவும் படகுப் பங்கும் போக, ஐப்பசி முதல் ஏழு மாதங்கள் மாதம் 90,000 ரூபாய் கைக்கு வருகிறது. சோளகம் வீசும் ஐந்து மாதங்களில் 42,000 ரூபாய்தான் வருகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 70,000 ரூபாய்.

இனி ஏற்கனவே உள்ள கடன்கள். கிழமைக் கடன் 2,400 ரூபாய். இதை நான்கால் பெருக்கி மாதம் 9,600 என்று எழுதுவது வழக்கம். ஆனால் ஆண்டுக்கு 52 கிழமைகள் இருப்பதால் உண்மையில் மாதம் 10,400 ரூபாய் போகிறது. எஞ்சின் கடன் 9,000. அடகு நகைக்கு வட்டி மட்டும் 2,000. மொத்தம் 21,400 ரூபாய். குழுவில் இன்னொருவர் கட்டாததற்காக நாம் போடும் பணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது இல்லை என்றே வைப்போம்.

சராசரியோடு ஒப்பிட்டால் தவணை வருமானத்தில் 31 வீதம். பாரதூரமாகத் தெரியாது. சோளக மாதத்தோடு ஒப்பிட்டால் அது 51 வீதம். சாப்பாடு, பள்ளிக்கூடம், மின்சாரம், மருந்து எல்லாவற்றுக்கும் 38,000 தேவைப்படும் வீட்டில் 20,600தான் மிஞ்சும். மாதம் 17,400 குறையும். ஐந்து மாதத்துக்கு 87,000. நல்ல ஏழு மாதங்களில் மாதம் ஏறக்குறைய 12,400 ரூபாயை ஒதுக்கினால் இதைச் சமாளிக்கலாம். அந்த மாதங்களில் 30,600 மிஞ்சுவதால் இது முடியக்கூடியதே.

இப்போது புதிய கடன் ஒன்று வருகிறது. ஒரு இலட்சம் ரூபாய், 24 வீத வட்டி, ஒரு வருடம், மாதம் ஏறக்குறைய 10,300 ரூபாய். நாம் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்தாலும், வட்டி கடைசி வரை முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 42 வீதம். எந்த முறை என்று கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டும்.

மொத்தத் தவணை 31,700 ஆகிறது. சோளக மாதத்தில் 10,300தான் மிஞ்சும், குறைவு 27,700. ஐந்து மாதத்துக்கு 1,38,500. அதை ஈடுகட்ட நல்ல மாதங்களில் மாதம் 19,800 ஒதுக்க வேண்டும். ஆனால் அப்போது மிஞ்சுவதே 20,300தான். ஆக, கையில் நிற்பது மாதம் 500 ரூபாய். ஒரு வலை கிழிந்தால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அடுத்த கிழமைத் தவணைக்கு இன்னொரு கடன்தான் வழி.

புதிய கடன் புதிய வருமானம் தருமானால் கணக்கு மாறும். ஆனால் அந்த வருமானமும் சோளகத்தில் எவ்வளவு வரும் என்றே பார்க்க வேண்டும். இன்னொரு வலை வாங்கினாலும் கடலுக்குப் போக முடியாத நாளில் அது பயன்படாது.

கடன் ஏற்கனவே எல்லை தாண்டிவிட்டதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: கடைசியாகக் கட்டிய தவணைப் பணம் எங்கிருந்து வந்தது? உழைப்பிலிருந்தா, இன்னொரு கடனிலிருந்தா, அடகிலிருந்தா? பின்னைய இரண்டில் ஒன்றென்றால், புதிய கடன் பழைய கடனைத்தான் கட்டப்போகிறது. அந்த நிலையில் புதிதாகக் கையெழுத்திடுவதை விட, தவணை தவறுவதற்கு முன்பே பழைய நிறுவனத்திடம் போய், சோளக மாதங்களில் தவணையைக் குறைத்து நல்ல மாதங்களில் கூட்டித் தரும்படி எழுத்தில் கேட்பது மேல். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்கும்போது ஆண்டு வருமானத்தை மாதவாரியாக எழுதிய ஒரு தாள் கையில் இருந்தால், பேசுவதற்கு ஓர் அடிப்படையாவது இருக்கும்.