வட்டத் தேற்றத்துக்குப் படம் போடுவது: A-வை எங்கே வைக்கிறீங்க?

வார இறுதியில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஒன்பதாவது, பத்தாவது பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறவங்க நம்மில் நிறைய பேர். வட்டம் பாடம் வந்ததும் பசங்க கேட்கிற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, நிரூபணம் மனப்பாடமா தெரியும், படம் எப்படிப் போடணும்?" கேள்வியே தலைகீழ். படம் சரியாக விழுந்தால் நிரூபணத்தை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கு.

தேற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வில் மையத்தில் ஏற்படுத்தும் கோணம், அதே வில் மீதிப் பரிதியில் உள்ள ஒரு புள்ளியில் ஏற்படுத்தும் கோணத்தைப் போல இருமடங்கு.

4 செ.மீ ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்க. மையம் O. OB என்று ஒரு ஆரம், அதிலிருந்து கோணமானியில் 100° தள்ளி OC. இப்போது A. எல்லாரும் கை பழக்கத்தில் அதை நேர் உச்சியில் வைப்பாங்க. அப்படி வைத்தால் AB = AC ஆகிவிடும்; பையன் படத்தைப் பார்த்து, தேற்றத்தில் இல்லாத அந்தச் சமத்தையும் விடையில் எழுதிவிடுவான். அதனால் OC-யிலிருந்து, B இல்லாத பக்கமாக 120° தள்ளி A-வை வையுங்க. கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கும், அதுதான் வேணும்.

A-யிலிருந்து O வழியாகக் கோடு இழுத்து, வட்டத்தைத் தொடும் இடத்தில் D என்று குறிங்க. படத்தில் வேலை செய்யும் கோடு இதுதான், தெளிவாக வரையணும். OA = OB, அதனால் முக்கோணம் OAB இருசமபக்கம். அதன் அடிக்கோணம் ஒவ்வொன்றும் 20°. வெளிக்கோணம் BOD இரண்டையும் சேர்த்து 40°. மறுபக்கம் OAC-யில் அடிக்கோணம் 30°, வெளிக்கோணம் COD 60°. கூட்டினால் A-யில் 50°, O-வில் 100°. எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டால் நிரூபணம் முடிந்தது.

முடிந்ததா? இந்தப் படத்துக்கு மட்டும் முடிந்தது. D, வில் BC-க்குள் விழுந்ததால்தான் கூட்ட முடிந்தது. B, C இரண்டையும் அப்படியே விட்டுட்டு, A-வை B-க்குப் பக்கத்தில் நகர்த்துங்க, B-யிலிருந்து 50° தூரத்துக்கு. இப்போது AO-வை நீட்டினால் D, C-யையும் தாண்டிப் போய் விழும். கோணம் OAB 65°, OAC 15°. வெளிக்கோணங்கள் 130°, 30°. கூட்டினால் 160° வரும், அது BOC இல்லை. C, B-க்கும் D-க்கும் நடுவில் இருக்கு, அதனால் இங்கே கழிக்கணும்: 130° − 30° = 100°, 65° − 15° = 50°. முக்கோணங்கள் அதே, காரணம் அதே, ஒரு குறி மட்டும் மாறுது. AB-யோ AC-யோ O வழியாகவே போகும் நிலை இந்த ரெண்டுக்கும் எல்லை. அதில் ஒரே ஒரு முக்கோணம்தான் மிஞ்சும், எளிது.

மூன்றாவது படம்தான் பசங்களைத் தடுமாற வைக்கும். A-வை இந்தப் பக்கம், சின்ன வில் BC மேலேயே வையுங்க, B-யிலிருந்து 60°, C-யிலிருந்து 40°. அடிக்கோணங்கள் 60°, 70°. A-யில் மொத்தம் 130°. இருமடங்கு 260°. ஆனால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற BOC 100°தானே? தேற்றம் தப்பா? இல்லை. A இருப்பது சின்ன வில்லில் என்றால், A எதிரே பார்ப்பது பெரிய வில்லை. அது மையத்தில் ஏற்படுத்துவது மறுபக்கம் சுற்றிப் போகும் பின்வளைக் கோணம், 360° − 100° = 260°. வெளிக்கோணங்களும் 120°, 140° என்று சரியாகவே வரும். இந்தப் படத்தில் கோணக்குறி வளைவைப் பெரிய பக்கமாகப் போடணும். சின்ன பக்கம் போட்டால் படமும் விடையும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

யூக்ளிட்டின் மூன்றாம் புத்தகத்தில் இது 20-வது கூற்று. கூட்டல், கழித்தல் இரண்டு நிலையும் அங்கே உண்டு. பின்வளைக் கோணம் இல்லை, 180°-ஐத் தாண்டியதை அவர் கோணமாகவே எடுக்கவில்லை. அதன் விளைவு அடுத்த கூற்றிலேயே தெரியும். ஒரே வட்டத்துண்டில் உள்ள கோணங்கள் சமம் என்று 21-ல் நிரூபிக்கும்போது, அரைவட்டத்தைவிடப் பெரிய துண்டுக்கு மட்டும்தான் அவர் நிரூபணம் நேராகப் பொருந்தும். நம்ம என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வில் சிறியது, அரைவட்டம், பெரியது என்று பிரிக்கிறது. அந்தப் பிரிப்பில் நம் கழித்தல் படம் தனியாக வராது. எனக்குப் பிடித்தது மூன்று படத்தையும் வரிசையாகப் போட்டு, "கூட்டு, கழி, பின்வளை" என்று அடியில் எழுதிவிடுவது.

ஒரே வட்டத்துண்டுக் கோணங்களுக்குத் தனி நிரூபணம் இல்லை. A, P இரண்டும் BC-யின் ஒரே பக்கம் இருந்தால், இரண்டும் அதே மையக்கோணத்தில் பாதி, ஆகவே சமம். இதில் படம் ஏமாற்றும் இடம் வேறு. நாண் BC-யை மையத்துக்குப் பக்கத்தில் போட்டால், உதாரணமாக மையக்கோணம் 170° என்றால், மேலே உள்ள கோணம் 85°, கீழே 95°. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மாணவன் P-யைக் கீழே வைத்துவிட்டு "சமம்" என்று எழுதினாலும் படம் அவனைத் தடுக்காது. 100°-ல் போட்டால் மேலே 50°, கீழே 130°. தப்பு செய்யவே முடியாது. இன்னொன்று, AC-யும் PB-யும் வெட்டும் புள்ளிக்கு O என்று பெயர் வைக்கக் கூடாது. அது மையம் இல்லை.

இதெல்லாம் நிரூபணத்துக்கு மட்டும் என்று நினைக்காதீங்க. பத்தாம் வகுப்பின் 8 மதிப்பெண் செய்முறை வடிவியலில் வருவதும் இதே படம்தான். PQ = 8 செ.மீ, கோணம் R = 60°, நடுக்கோடு RG = 5.8 செ.மீ என்று கேட்டால், PQ-க்குக் கீழே QPE = 60° வரைந்து, PE-க்கு 90°-ல் PF வரையச் சொல்வாங்க. ஏன் என்று பலரும் கேட்பதில்லை. 90° − 60° = 30°, அதுதான் கோணம் QPO. PQ-வின் மையக்குத்துக்கோடு PF-ஐ வெட்டும் இடம் O. POQ இருசமபக்கம், ஆகவே கோணம் POQ 120°. அதில் பாதி 60°. மேல் வில்லில் R எங்கே இருந்தாலும் 60°தான் வரும், ஒரே வட்டத்துண்டு. G-யிலிருந்து 5.8 செ.மீ வில் வெட்டும் இடம் மட்டும் R-ஐ முடிவு செய்யுது. குத்துயரம் அளந்தால் 3.8 செ.மீ அளவில் வரணும். ரொம்பத் தள்ளி வந்தால் மையக்குத்துக்கோடு சாய்ந்திருக்கும், அதை முதலில் பாருங்க.

இப்போது R = 120° என்று மாற்றிக் கொடுங்க. QPE 120°, அதில் 90° போக PF, PQ-க்குக் கீழே 30°-ல் இறங்கும். மையமும் கீழே போய்விடும். முந்தைய கணக்கின் ஞாபகத்தில் O-வை மேலே தேடுகிற பையன் இங்கே மாட்டுவான். அவனிடம் நம் மூன்றாவது படத்தைக் காட்டுங்க. R சின்ன வில்லில் இருக்கு, மையத்தில் 240°, அதனால் O மறுபக்கம்.