சந்தன நிறம் எங்கே போனது?

#FFF8E7 என்ற வெளிர் சந்தன நிறத்தைப் பின்னணியாக வைத்திருந்தேன். என் மானிட்டரில் இதமாக இருந்தது. ஒரு ஃபோனில் வெறும் வெள்ளை, இன்னொன்றில் பளிச்சென்ற மஞ்சள்.

முதல் கோளாறு என் மானிட்டரில்தான். அதன் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. கண் அதற்குப் பழகிவிட்டது. அரைமணி நேரம் திரையை ஓடவிட்டு, கலரிமீட்டரை அதன்மேல் பொருத்தி, வெண்மையை 6500 கெல்வின், காமாவை 2.2, ஒளியைச் சுமார் 120 நிட் என்று அமைத்தேன். மென்பொருள் வண்ணக் கட்டங்களைக் காட்டி, அளந்து, திருத்தக் கோப்பு எழுதியது.

பிறகு ஃபோன்கள். Night Shift, True Tone இரண்டையும் அணைத்துப் பார்த்தேன், மஞ்சள் அடங்கியது. ஆனால் வாசகர்கள் அணைக்கமாட்டார்களே! அதனால் போட்டும் பார்த்தேன். வெள்ளைப் பெட்டியும் பின்னணியும் ஒன்றாகக் கலந்த ஃபோனுக்காக நிறத்தை #FFF1D0 ஆக அழுத்தினேன். எல்லாத் திரையிலும் அச்சு அசலாக அமையவில்லை; பெட்டியின் ஓரம் மட்டும் எங்கும் தெரிகிறது.