கட்டமா, கரையா? கைலி, சாரோங், முண்டு, வேட்டியைப் பிரித்தறிவது எப்படி

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ உள்ள துணிக்கடையில் ஆண்கள் பிரிவைப் பார்த்தால் ஒரு பக்கம் வெள்ளை அடுக்கு, மறுபக்கம் கட்டம் போட்ட வண்ண அடுக்கு. வெள்ளை அடுக்கில் வேட்டியும் முண்டும் கலந்திருக்கும். வண்ண அடுக்கில் நாம் கைலி என்று சொல்லும் லுங்கியும், மலாய்க்காரர்கள் 'கைன் பெலிக்காட்' என்று கேட்டு வாங்கும் சாரோங்கும் இருக்கும். நான்கும் இடுப்பில் சுற்றும் துணிதான். உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வேட்டிக்குப் பதில் கைலி கட்டிக்கொண்டு கோயில் திருமணத்துக்குப் போனால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே கட்டம் போட்ட துணியை உடுத்தி மலாய்க்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால் அது மரியாதையான உடை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தறியிலிருந்து தொடங்குவதுதான் எளிது.

நிறம் எங்கே விழுகிறது?

நான்கு துணிகளுக்கும் தறியில் ஒரு பொது அமைப்பு உண்டு. தறியின் அகலம்தான் உடுத்தும்போது இடுப்பிலிருந்து கணுக்கால் வரையுள்ள உயரம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல், உடம்பைச் சுற்றிப் படுக்கையாக வரும். குறுக்கே போகும் ஊடை நூல், உடுத்தியபின் மேலிருந்து கீழாக நிற்கும்.

வேட்டிக்குப் பாவு பூட்டும்போது இரு ஓரங்களிலும் மட்டும் சாய நூலோ சரிகையோ வைப்பார்கள். நடுவே முழுவதும் வெள்ளை. அந்த ஓரம்தான் கரை. உடுத்தினால் ஒரு கரை கணுக்காலைச் சுற்றிக் கோடாக ஓடும். மற்றது இடுப்பு மடிப்புக்குள் போய்விடும். துணியின் முடிவில் ஊடையிலும் சில வண்ண இழைகள் விழுந்தால் அது முந்தி. சுற்றி முடிக்கும்போது அது முன்புறம் நெட்டுக் கோடாகத் தெரியும். மயில்கண் கரை, ருத்ராட்சக் கரை என்று கரைக்குத் தனிப் பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அரசியல் கட்சிகளின் நிறங்கள்கூடக் கரையில்தான் ஏறின. வேட்டியின் அடையாளம் முழுவதும் ஓரத்தில் இருக்கிறது.

கைலிக்குப் பாவிலும் ஊடையிலும் துணி முழுக்கச் சாய நூல் மாறி மாறி வரும். சிவப்புப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில் இரண்டும் கலந்த மூன்றாவது நிறம் தோன்றும். இப்படி உருவாவதுதான் கட்டம். இங்கே ஓரத்துக்குத் தனி வேலை இல்லை. அடையாளம் உடல் முழுவதும் பரவியிருக்கிறது. நெய்த கட்டமா, அச்சடித்த கட்டமா என்று தெரிய வேண்டுமானால் துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்ததற்கு இரு பக்கமும் ஒரே அழுத்தமாக இருக்கும். அச்சடித்ததற்கு உள்பக்கம் வெளிறியிருக்கும்.

பழவேற்காட்டிலிருந்து வந்த துணி

கைன் பெலிக்காட்டும் கட்டம் போட்ட பருத்தித் துணிதான். அதன் பெயரில் இருப்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. ஆங்கிலேயர் அதைப் புலிக்காட் என்று எழுதினார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையின் துணியைக் கப்பலேற்றிக் கிழக்கே கொண்டுபோய், அதைக் கொடுத்து நறுமணப் பொருள்களை வாங்குவது அந்தக் கம்பெனியின் வணிக முறை. தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இதே துணியை மலாய்த் துறைமுகங்களுக்குக் கொண்டுசென்றார்கள். இன்று கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் விற்கும் பெலிக்காட்டில் இந்தோனேசியாவின் பெக்காலோங்கான் நகரத்துத் தயாரிப்புகளுக்கு நல்ல பெயர். துறைமுகத்தின் பெயர் துணியோடு தங்கிவிட்டது. நெசவு இடம் மாறிவிட்டது.

நம் கைலியிலிருந்து பெலிக்காட்டைப் பிரிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. அதை விரித்துப் பிடித்தால் ஓரிடத்தில் மட்டும் கட்டத்தின் ஒழுங்கு மாறும். கோடுகள் நெருங்கும் அல்லது நிறம் அடர்த்தியாகும். மலாயில் இந்தப் பகுதியைக் 'கெப்பாலா' என்பார்கள், அதாவது தலை. மீதியெல்லாம் 'பாடான்', உடல். நெசவாளர் பாவைத் தொடுவதில்லை. அந்தப் பகுதி வரும்போது ஊடை நூலின் வரிசையை மட்டும் மாற்றுகிறார். அதனால்தான் படுக்கைக் கோடுகள் தடையின்றிச் சுற்றி வர, நெட்டுக் கோடுகள் மட்டும் தலைப்பகுதியில் வேறாகின்றன. ஆண்கள் உடுத்தும்போது இந்தத் தலை பின்புறம், இடுப்புக்குக் கீழே நடுவில் வர வேண்டும். பக்கவாட்டில் வந்தால் பழகாதவர் கட்டியது என்று மலாய்க்காரர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டுக் கைலியில் பெரும்பாலும் தலைப்பகுதி கிடையாது; எந்தப் பக்கம் எங்கே வந்தாலும் ஒன்றுதான்.

சாரோங் என்பது பெலிக்காட் மட்டுமல்ல. மலேசியாவில் ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்குப் பாத்தேக் என்பது பொதுவான பிரிவு. பெண்களின் பாத்தேக் சாரோங்கில் தலைப்பகுதியில் மூங்கில் குருத்து போன்ற முக்கோண வரிசை வரும். ஆண்கள் விழா நாளில் பாஜு மலாயுவோடு கால்சட்டைக்கு மேல் முழங்கால் அளவில் கட்டும் சொங்கேட் துணிக்குச் சம்பிங் என்று பெயர்.

மூட்டியதும் மூட்டாததும்

வேட்டி தைக்காதது, கைலி தைத்தது என்று சொல்வது பாதிதான் சரி. வேட்டியும் முண்டும் எப்போதும் திறந்த துணி. பெலிக்காட் பெரும்பாலும் இரு முனையும் சேர்த்துத் தைத்த குழாய். கைலி இரண்டு விதமாகவும் கிடைக்கும். மூட்டாததை வாங்கித் தையல்காரரிடம் மூட்டிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. மூட்டிய இடத்தில் கட்டம் கட்டத்தோடு சேர்கிறதா என்று பாருங்கள். கோடு விலகியிருந்தால் அவசரத் தையல்.

மூட்டியதால்தான் கட்டும் முறையே மாறுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைலியின் சுற்றளவு சுமார் 200 செ.மீ. இடுப்பு 90 செ.மீ. மீதி 110 செ.மீ. துணியை எங்காவது மடித்தாக வேண்டும். நம்மவர் வழக்கமாக அதை ஒரே பக்கம் இழுத்துப் பிடித்து, மடித்து, வயிற்றின் குறுக்கே கொண்டுபோய்ச் செருகுவார்கள். மடிப்பின் அகலம் 55 செ.மீ. ஆகும். அது ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புக்கு அப்பாலும் போகும். எட்டி நடக்க வசதி. மடித்துக் கட்டவும் எளிது.

மலாய் முறையில் மீதித் துணியை இரண்டாகப் பிரித்து, வலமும் இடமுமாக 27 செ.மீ. அளவில் நடுவை நோக்கி மடிப்பார்கள். பிறகு மேல் விளிம்பை மூன்று நான்கு முறை வெளிப்பக்கமாகச் சுருட்டுவார்கள். முடிச்சு இல்லை, சுருட்டின் இறுக்கம்தான் பிடிமானம். முன்புறம் இரு மடிப்பும் சமமாக நிற்பதால் தலைப்பகுதியும் பின்னால் நடுவிலேயே நிற்கும். துணி புதிதாகக் கஞ்சியோடு இருக்கும்போது சுருட்டு வழுக்கும். ஒருமுறை துவைத்தபின் நன்றாகப் பிடிக்கும்.

வேட்டிக்கும் முண்டுக்கும் நடுவே

வெள்ளை அடுக்கில் குழப்பம் அதிகம். வேட்டி பெரும்பாலும் வெளுத்த நூல், பளிச்சென்ற வெண்மை. மரபான கேரள முண்டு வெளுக்காத நூலின் இளம் பழுப்பில் இருக்கும். கரையில் தங்க நிறச் சரிகை வந்தால் அது கசவு முண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் ஓணம் நெருங்கும்போது முன்வரிசைக்கு வருவது இதுதான்.

அளவு இரண்டுக்கும் ஒன்றே. ஒரு முழம் சுமார் 45 செ.மீ. நாலு முழம் 1.8 மீட்டர், எட்டு முழம் 3.6 மீட்டர். மலையாளிகள் இவற்றை ஒற்றை முண்டு, இரட்டை முண்டு என்பார்கள். எட்டு முழத்தைப் பாதியாக மடித்துத்தான் கட்ட வேண்டும். அப்போது ஒரு முனையில் மடிப்பும் மறு முனையில் இரண்டு முந்தியும் இருக்கும். முந்தியுள்ள முனை வெளியே வர வேண்டும். தவறி மடிப்பு முனையை வெளியே விட்டால் முன்புறம் நெட்டுக் கோடு தெரியாது. வேட்டி வெறுமையாக நிற்கும். முதல்முறை கட்டும் இளைஞர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். திருமண மண்டபத்துக்கு நாலு முழம் வாங்குவது இன்னொரு தவறு. ஒற்றைத் துணி விளக்கொளியில் ஊடுருவித் தெரியும்.

கட்டும் விதத்தில், கேரளத்தில் முஸ்லிம்கள் முண்டின் முனையை இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் செருகுவது பழைய வழக்கம். மடித்துக் கட்டுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உண்டு. பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிடுவதும் இரு இடத்து வழக்கம்தான். கைலியை மலையாளிகளும் கைலி என்றே சொல்கிறார்கள். அங்கும் அது வீட்டுக்கும் வேலைக்குமான உடை.

மரியாதை எங்கிருந்து வருகிறது?

2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்ததற்காக உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை ஒரு கிரிக்கெட் மன்றத்துக்குள் அனுமதிக்க மறுத்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கச் சட்டம் இயற்றியது. அந்த விவாதம் முழுவதும் வேட்டியைப் பற்றியது. நம் பழக்கத்தில் வெள்ளையும் கரையும் பொது இடத்துக்கு, கட்டம் வீட்டுக்கு.

மலேசியாவில் கட்டத்துக்கு வேறு இடம் கிடைத்தது. பெலிக்காட் வீட்டிலும் இருக்கிறது, பள்ளிவாசலிலும் இருக்கிறது. மலேசிய தினத்தையொட்டி இளைஞர்கள் சாரோங் உடுத்திக் கோலாலம்பூர் ரயில்களில் கூட்டமாகப் பயணம் செய்யும் 'கெரேத்தாப்பி சாரோங்' நிகழ்ச்சியில் இந்தியரும் சீனரும்கூடக் கட்டம் கட்டி வருகிறார்கள். ஆகவே எந்தத் துணி உயர்ந்தது என்ற கேள்விக்குத் துணியில் பதில் இல்லை. யார் எங்கே உடுத்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

கடையில் நிற்பவருக்கு மூன்று பார்வை போதும். நிறம் ஓரத்தில் மட்டும் இருந்தால் வேட்டி அல்லது முண்டு. வெண்மை பளிச்சிட்டால் வேட்டி, பழுப்போடினால் முண்டு. நிறம் துணி முழுக்க ஒரே கட்டமாக இருந்தால் கைலி. கட்டத்தின் ஒழுங்கு ஓரிடத்தில் மாறி, முனைகளும் தைத்திருந்தால் பெலிக்காட். மலாய் நண்பருக்கு நோன்புப் பெருநாள் பரிசாக வாங்குபவர்கள் அந்தத் தலைப்பகுதி இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தே வாங்குங்கள்.